92 மார்க் வாங்கிய கிளையில் இரண்டு சாவியும் ஒரே கையில்: தணிக்கை அறிக்கைக்கு நியாயமான தரநிலை அமைப்பது

கேள்வி: மதுரையைச் சுற்றி 38 கிளைகள் உள்ள நகைக்கடன் கம்பெனியில் உள் தணிக்கைப் பிரிவைப் பார்க்கிறேன். 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், மொத்தம் 100. 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி, மற்றதெல்லாம் டி. பிரச்சினை உள்ள கிளைக்கு ஏ வருகிறது, ஒழுங்கான கிளைக்கு சி, டி வருகிறது. மேனேஜர்கள் ஒவ்வொரு மார்க்குக்கும் சண்டை போடுகிறார்கள். நியாயமான ஒரு ஸ்கேலை எப்படி உருவாக்குவது?

பதில்:

இதே 100 மார்க் முறையில் நானும் ஆறு வருடம் அறிக்கை எழுதியிருக்கிறேன். அதைக் கைவிட வைத்தவை, ஒரே மாதத்தில் நான் கையெழுத்துப் போட்ட இரண்டு அறிக்கைகள். அந்த இரண்டையும் வைத்தே பதில் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதல் கிளை உசிலம்பட்டிப் பக்கம். சுமார் 6 கோடி ரூபாய் கடன் நிலுவை, பெட்டகத்தில் 1,140 நகைப் பொட்டலங்கள். 50 கேள்வியில் நான்கில்தான் தவறியிருந்தது. 92 மார்க், ஏ. அந்த நான்கில் ஒன்று இது: பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். மாசி மாதம் குலதெய்வம் கும்பிட உதவி மேனேஜர் ஊருக்குப் போனார். போகும்போது தன் சாவியை மேனேஜரிடமே கொடுத்துவிட்டார். 11 நாள் இரண்டு சாவியும் ஒருவர் கையில். இன்னொன்று, பிரித்து எடை பார்த்த 60 பொட்டலங்களில் இரண்டில் கல் எடையைக் கழிக்காமல் மொத்த எடைக்கே கடன் கொடுத்திருந்தார்கள். மீதி இரண்டு சின்ன விஷயங்கள்.

இரண்டாவது கிளை மேலூர்ப் பக்கம். 15 கேள்வியில் தவறு. 70 மார்க், டி. அறிவிப்புப் பலகையில் பழைய வட்டி விகிதம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டது, அடையாள அட்டை நகலில் 'அசல் பார்க்கப்பட்டது' என்ற முத்திரை இல்லாதது என்று பட்டியல் நீண்டது. நகை, ரொக்கம், எடை, சாவி எல்லாம் கச்சிதமாக இருந்தது. அந்த மேனேஜர் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "சார், என் கிளையில் உங்க நகையை வைப்பீங்களா, அந்தக் கிளையில் வைப்பீங்களா?" என்னிடம் பதில் இல்லை. என் மனதில் இருந்த பதிலும் நான் எழுதிய அறிக்கையும் நேர் எதிராக இருந்தன.

தவறு எங்கே என்று பார்ப்போம். மார்க் கூட்டும்போது ஒரு விஷயத்தை நாம் அறியாமலே ஒப்புக்கொள்கிறோம்: ஒரு கட்டுப்பாட்டின் ஓட்டையை மற்றொன்றின் நல்ல நிலை ஈடுகட்டும் என்று. பரீட்சையில் அது சரி. கணக்கில் போனதைத் தமிழில் எடுத்துவிடலாம். பெட்டகத்தில் அப்படி இல்லை. வட்டி விகிதப் பலகை சரியாக இருப்பதால் சாவி பிரச்சினை ஒரு துளியும் குறையாது. முக்கியமான கேள்விக்கு 2 மார்க்குக்குப் பதில் 10 மார்க் வையுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதையும் செய்து பார்த்தேன். சாவிக்கு 10 வைத்தாலும், மற்றவை சரியாக இருந்தால் கிளை 80ஐத் தாண்டிவிடுகிறது. மார்க்கை எவ்வளவு ஏற்றினாலும் கூட்டல் கூட்டல்தான்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது மார்க்கை அல்ல, அந்த ஒற்றைத் தரநிலை எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை. எங்களுக்கு வேலை செய்த கேள்வி இது: இந்தக் கிளையில் இன்று இருக்கும் கட்டுப்பாடுகளை நம்பி, அடுத்த தணிக்கை வரை இதை இப்படியே விட்டுவிடலாமா? இப்படிக் கேட்டால் ஒவ்வொரு நிலைக்கும் தானாகவே ஒரு செயல் ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் நான்கு நிலை வைத்தோம். 'திருப்தி' என்றால் விட்டுவிடலாம், அடுத்த முறை வழக்கமான நாளில் வருவோம். 'ஓரளவு திருப்தி' என்றால் கிளையே சரிசெய்து ஆதாரம் அனுப்பினால் போதும், அலுவலகத்தில் இருந்தபடி சரிபார்ப்போம். 'மேம்பாடு தேவை' என்றால் 90 நாளுக்குள் தணிக்கையாளர் மறுபடி நேரில் வருவார், வட்டார மேலாளர் பொறுப்பு. 'திருப்தியில்லை' என்றால் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு அடுத்த கூட்டத்தில் பார்க்க வேண்டும், அதற்கு முன்பே சாவியை மாற்றுவது, புதுக் கடனை நிறுத்துவது போன்ற உடனடி நடவடிக்கை வேண்டும்.

ஏன் நான்கு? மூன்று வைத்தால் எல்லோரும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தணிக்கையாளருக்கும் அதுதான் பாதுகாப்பு, மேனேஜருக்கும் அதுதான் நிம்மதி. ஐந்து வைத்தால் மறுபடியும் ஒரு நடு வந்துவிடுகிறது, பக்கத்துப் பக்கத்து நிலைகளைப் பிரித்துச் சொல்லவும் முடிவதில்லை. இரண்டு நிலைகளுக்கு அடுத்து செய்ய வேண்டிய வேலை ஒன்றாகவே இருந்தால், அவை இரண்டு நிலைகளே அல்ல, ஒன்றாக்கிவிடுங்கள். உலக அளவில் 2025 ஜனவரி 9 முதல் நடப்பில் உள்ள உள் தணிக்கைத் தரநிலைகளும் கண்டறிதல்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும், மொத்த முடிவு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்கின்றன. இந்த ஸ்கேலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவை கட்டாயப்படுத்தவில்லை. அதனால் உங்கள் தொழிலுக்குப் பொருந்துவதை நீங்கள் அமைத்துக்கொள்ளலாம்.

ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளையும் விட்டுவிடுங்கள். அது பள்ளிக்கூடத்து வாசனை. எழுத்தைப் பார்த்ததும் மனிதருக்குப் போட்ட மார்க் என்றே மனதில் பதிகிறது.

அடுத்தது ஒவ்வொரு கண்டறிதலின் கனம். மொத்தத் தரநிலையில் வரும் சண்டையில் பெரும்பகுதி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் உயர், நடு, தாழ் என்று மூன்றே வைத்தோம். அதை முடிவு செய்ய மூன்று கேள்வி. இந்த ஓட்டை வழியாக என்ன போக முடியும், ரூபாயில் எவ்வளவு அல்லது எந்தச் சட்டத்தை மீறுகிறது? அந்த ஓட்டைக்குப் பின்னால் வேறு ஏதாவது தடுப்பு இருக்கிறதா, அதை நாம் சோதித்துப் பார்த்தோமா? எத்தனை நாள், எத்தனை கணக்கில் நடந்திருக்கிறது?

முதல் கேள்வியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'போக முடியும்.' உசிலம்பட்டிப் பக்கத்து மேனேஜர் சொன்ன வாதம் எல்லாக் கிளையிலும் வரும்: "ஒரு கிராம் கூடக் குறையலையே சார், எதுக்கு உயர்னு போடறீங்க?" அவர் சொன்னது உண்மைதான். 1,140 பொட்டலத்தையும் எண்ணினோம், எல்லாம் இருந்தது. ஆனால் குறையாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மனிதரின் நேர்மை. தணிக்கை மதிப்பிடுவது கட்டுப்பாட்டை. அந்த 11 நாளும் 6 கோடி கடனுக்கு ஈடான நகைக்கும் ஒரு மனிதரின் மனசுக்கும் நடுவில் எதுவும் இருக்கவில்லை. இதை அவரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள், மரியாதையாக. "உங்களைச் சந்தேகப்படவில்லை, உங்கள் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன்" என்று சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கேள்விக்கு அவர் சிசிடிவியைக் காட்டினார். பெட்டக அறைக்கு எதிரே கேமரா இருக்கிறது, யார் திறந்தாலும் தெரியும் என்றார். நல்ல வாதம். சரி என்று பதிவைக் கேட்டோம். பதிவுப் பெட்டி 7 நாளுக்கு மேல் சேமிக்காமல் பழையதை அழித்து எழுதிக்கொண்டிருந்தது. நாங்கள் போனது அந்த 11ஆவது நாள். முதல் நான்கு நாளின் பதிவு இல்லை. ஆகவே அதை மாற்றுத் தடுப்பாக ஏற்க முடியவில்லை. இதில் ஒரு விதியே வைத்துக்கொள்ளலாம்: சோதித்துப் பார்க்காத மாற்றுத் தடுப்பைச் சொல்லி எந்தக் கனத்தையும் குறைக்கக் கூடாது. வாய்மொழியாகச் சொன்ன தடுப்புக்காக உயர் நடுவாக மாறிய அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரூபாய் வரம்பை முன்கூட்டியே தணிக்கைக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எந்த அளவில் பார்ப்பது என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கே வழுக்குகிறார்கள். 40,000 ரூபாய் ரொக்கக் குறைவு 38 கிளைக் கம்பெனிக்கு ஒன்றுமில்லை, ஒரு கிளைக்குப் பெரிது. ஒரு தணிக்கையாளர் கம்பெனி அளவில் பார்த்து தாழ் என்பார், இன்னொருவர் கிளை அளவில் பார்த்து உயர் என்பார். இரண்டு பேரும் அவரவர் வழியில் சரிதான். கிளை அறிக்கையில் கிளை அளவில்தான் பார்க்க வேண்டும், கம்பெனிக்கே பெரியதாக இருந்தால் தனியாக ஒரு குறி போட்டு மேலே அனுப்ப வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். சட்ட வரம்பை மீறியதற்கு ரூபாய்க் கணக்கே வேண்டாம். 20,000 ரூபாய்க்கு மேல் கடனை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அது நேராக உயர்.

இப்போது அந்தக் கல் எடை விஷயம். ஒரு ஜோடிக் கம்மலும் ஒரு ஆரமும். ஆரத்தின் மொத்த எடை 24 கிராம். கல்லைக் கழித்தால் 19.5 கிராம். தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதம் கடன் என்று வைத்துக்கொண்டால், 24 கிராமுக்கு அது 18 கிராமின் விலை. கையில் உண்மையாக இருப்பது 19.5 கிராம். 18ஐ 19.5ஆல் வகுத்தால் 92 சதவீதம். வட்டி ஒரு பைசா ஏறாமல் இருந்தாலே, தங்கம் 8 சதவீதம் இறங்கினால் ஈடு போதாது. இது நிச்சயம் சின்ன விஷயம் இல்லை. அப்படியானால் உயரா? 60இல் 2 என்றால் 1,140இல் 38 என்று கணக்குப் போட்டு உயர் என்று எழுதத் தோன்றும். எங்கள் குழுவில் இளைய தணிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்த 60 பொட்டலமும் கல் வைத்த நகையாகப் பார்த்துப் பொறுக்கியது. பொறுக்கி எடுத்த மாதிரியை வைத்து மொத்தத்துக்குக் கணக்குப் போட முடியாது. அதனால் கிளையில் உள்ள மற்ற கல் நகைகளையும் எடை பார்க்கச் சொன்னோம். மொத்தம் 140 இருந்தது, மீதி 80இல் ஒன்றும் தவறில்லை. அந்த இரண்டும் ஒரே மதிப்பீட்டாளர், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எடை போட்டவை. நடு என்று முடிவானது.

அடுத்து, ஒரே காரணத்தில் பிறந்த கண்டறிதல்களை ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். எண்ணிக்கை பேசுகிற அறிக்கை எப்போதும் அநியாயமாகத்தான் முடியும். மேலூர்ப் பக்கத்துக் கிளையின் 15ஐ மேசையில் பரப்பிப் பார்த்தோம். அதில் ஒன்பது ஒரே வேரில் இருந்து முளைத்தவை: இரண்டாம் கையெழுத்துப் போட வேண்டிய உதவி மேனேஜர் பணியிடம் நான்கு மாதமாகக் காலி. ஒரு பதிவேட்டில் கையெழுத்து இல்லை, இன்னொன்றில் இல்லை, இன்னொன்றில் இல்லை என்று ஒன்பது முறை எழுதி ஒன்பது முறை மார்க் பிடுங்கியிருந்தோம். அது ஒரு கண்டறிதல்தான். மதிப்பு நடு.

கட்டும்போது ஒரு எச்சரிக்கை. அந்த ஒன்பதில் ஏல அறிவிப்புப் பதிவேடும் இருந்தது. கையெழுத்து மட்டும் விடுபட்டதா, அறிவிப்பே போகவில்லையா என்பது தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாக அதைச் சேர்த்துவிடக் கூடாது. அறிவிப்பு போகாமல் நகையை ஏலம் விட்டிருந்தால் அது தனி உயர். கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். பதிவுத் தபால் ரசீதும், கடனாளி கையெழுத்திட்ட ஒப்புகை அட்டையும் ஒவ்வொரு ஏலத்துக்கும் இருந்தன. அதன் பிறகுதான் சேர்த்தோம். சிறியவற்றைக் கட்டும்போது உள்ளே பெரியது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால், மார்க் முறையில் நடந்த அதே தவறு வேறு வாசல் வழியாக வந்துவிடும். எதிர்த் திசையிலும் இது உண்டு: தனித்தனியாகப் பார்த்தால் நடுவாகத் தெரியும் மூன்று விஷயங்கள் ஒரே ஆபத்தைச் சுற்றி நிற்கலாம். மாலை ரொக்கத்தை ஒருவரே எண்ணுகிறார், அவரே கணக்கில் பதிகிறார், வாரச் சரிபார்ப்பும் நடக்கவில்லை என்றால் சேர்த்து உயர் என்று எழுத வேண்டும்.

இப்போது மொத்தத் தரநிலை. கூட்டலுக்குப் பதிலாக நாங்கள் வைத்தது வரம்பு. நகைக்கடன் கிளையில் ஆறு விஷயங்களை முக்கியக் கட்டுப்பாடு என்று எழுதிவைத்தோம்: பெட்டகத்தின் இரட்டைச் சாவி, எடையும் தங்கத்தின் தரமும் பார்ப்பது, பொட்டலத்தை முத்திரையிட்டு எண்ணிக்கை சரிபார்ப்பது, மாலை ரொக்க இருப்பு, கடனாளி உண்மையான ஆள்தானா என்பது, ஏல நடைமுறை. இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் ஒரு உயர் வந்தால், மற்றதெல்லாம் பொன்னாக இருந்தாலும் கிளை 'மேம்பாடு தேவை'க்கு மேலே போக முடியாது. வெவ்வேறு காரணங்களால் இரண்டு உயர் வந்தாலோ, போன முறை வந்த உயர் கெடு தாண்டியும் அப்படியே இருந்தாலோ 'திருப்தியில்லை'. உயரே இல்லாமல் நடு இருந்தால் 'ஓரளவு திருப்தி'. தாழ் மட்டும் என்றால், எத்தனை இருந்தாலும் 'திருப்தி'. இந்தக் கடைசி விதியை எங்கள் தலைமை அலுவலகத்தில் ஜீரணிக்க நாளானது. 20 தாழ் இருந்தால் எப்படித் திருப்தி என்று கேட்டார்கள். 20க்கும் பொதுக் காரணம் இருந்தால் அது கட்டும்போதே நடுவாகிவிடும், காரணம் இல்லாமல் சிதறிக் கிடந்தால் அவை சில்லறைதான் என்று இரண்டு அறிக்கைகளை எடுத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த இரண்டு கிளைகளையும் இதில் வைத்துப் பார்த்தால், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு உயர், ஒரு நடு, இரண்டு தாழ். ஏவில் இருந்து 'மேம்பாடு தேவை'க்கு இறங்கியது. மேலூர்ப் பக்கம் ஒரு நடு, ஆறு தாழ். டியில் இருந்து 'ஓரளவு திருப்தி'க்கு ஏறியது. எந்தக் கிளையில் நகையை வைப்பேன் என்ற கேள்விக்கு என் மனதில் இருந்த பதிலும் காகிதமும் முதல் முறையாக ஒத்துப்போயின.

சாவி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அது நியாயம் என்ற சொல்லுக்கே நெருக்கமானது. உதவி மேனேஜர் விடுப்பில் போனால் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும்? அந்தக் கிளையில் மாற்று ஆளை நியமித்து ஆணை கொடுக்க வேண்டியது தலைமை அலுவலகம். விடுப்பை அனுமதித்தவர்கள் மாற்று ஆளை அனுப்பவில்லை. அப்படியானால் கிளையின் தரநிலையைக் குறைக்கலாமா? குறைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தரநிலை கட்டுப்பாட்டின் நிலையைச் சொல்கிறது, அந்தக் கட்டுப்பாடு அங்கே அறுந்து கிடந்தது. ஆனால் அந்தக் கண்டறிதலின் பொறுப்பாளர் என்ற இடத்தில் கிளை மேனேஜர் பெயரை எழுதக் கூடாது. பணியாளர் பிரிவையும் செயல்பாட்டுப் பிரிவையும் எழுதினோம். மற்ற எல்லாக் கிளைக்கும் ஒரே கேள்வி அனுப்பினோம்: உங்கள் இரண்டாம் சாவிக்கு மாற்று ஆள் யார், ஆணை எங்கே? கால்வாசிக் கிளைகளில் ஆணை இல்லை. ஒரு கிளையைச் சிவப்பாக்கிவிட்டு அமைதியாக இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. மேலூரின் காலிப் பணியிடமும் இதே வகைதான்.

தணிக்கை நடக்கும்போதே சரிசெய்துவிட்டால்? நாங்கள் உள்ளே நுழைந்த அன்று மாலையே மேனேஜர் பக்கத்துக் கிளையில் இருந்து ஒருவரை வரவழைத்து இரண்டாம் சாவியை ஒப்படைத்துவிட்டார். பாராட்ட வேண்டியதுதான், அறிக்கையில் அதே பத்தியில் தேதியோடு எழுதினோம். தரநிலையை மாற்றவில்லை. அது நாங்கள் பார்த்த காலத்தைப் பற்றியது. தவிர, தணிக்கையாளர் வந்த பிறகு சரிசெய்தால் போதும் என்ற பழக்கம் 38 கிளைக்கும் பரவ ஒரு மாதம் போதும். ஆனால் 90 நாளில் மறுபடி போய்ப் பார்த்துப் புதுத் தரநிலை கொடுக்கும் வழி இருக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க ஒரு கிளையைப் பழைய பெயரோடு நிற்க வைப்பது நியாயமில்லை. மேனேஜர் தானே முன்னால் கண்டுபிடித்துத் தலைமைக்கு எழுதியிருந்தால், அதைத் தனி வரியாக, 'கிளையே கண்டறிந்தது' என்று முதல் பக்கத்திலேயே போடுகிறோம். நிலை மாறாது, ஆனால் படிக்கிறவர்களுக்கு அந்த மேனேஜரைப் பற்றி வேண்டியது தெரிந்துவிடும்.

எந்த விதியும் எல்லாக் கிளைக்கும் பொருந்தாது. அதனால் விதி சொல்வதில் இருந்து ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்த்த தணிக்கைத் தலைவருக்கு உரிமை கொடுங்கள். ஒரு படி மட்டும். காரணம் எழுத்தில், கையெழுத்தோடு, தனிப் பதிவேட்டில். வருடக் கடைசியில் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு அறிக்கைக்கு மேல் நகர்த்தியிருந்தால் விதி தவறு, திருத்த வேண்டும். நகர்த்தியதெல்லாம் மேல் நோக்கியே இருந்தால் யாரோ அழுத்தம் கொடுக்கிறார்கள்.

நான்கில் எதையும் போடாமல் இருக்கவும் ஒரு வழி வேண்டும். பெட்டகம் திறக்க முடியாத நாளில் போனோம், அல்லது ஏலக் கோப்பு வட்டார அலுவலகத்தில் இருந்தது என்றால், பார்க்காத இடத்தைப் பற்றியும் பேசுகிற ஒரு தரநிலையைப் போடாதீர்கள். 'மதிப்பிடவில்லை' என்று எழுதி, எதைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

அமல்படுத்தும் முன் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். பழைய அறிக்கைகள் பத்தை எடுத்து, கிளைப் பெயர், மேனேஜர் பெயர், பழைய மார்க் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். மூன்று தணிக்கையாளர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, புது விதிப்படி தரநிலை போடச் சொல்லுங்கள். பேசிக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு முதல் சுற்றில் பத்தில் ஐந்தில்தான் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். வேறுபட்ட ஐந்தையும் எடுத்து உட்கார்ந்தபோது, நான்கில் தகராறு ஒரே இடத்தில்: 'தணிக்கையின்போதே சரிசெய்யப்பட்டது' என்பதை ஒருவர் கணக்கில் எடுத்தார், மற்றவர் எடுக்கவில்லை. மேலே சொன்ன விதி பிறந்தது அப்படித்தான். இந்த இடத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். விதியின் வாக்கியம் எங்கே இரண்டு பொருள் தருகிறது என்று தேடித் திருத்துங்கள். இரண்டாம் சுற்றில் வேறு பத்து அறிக்கை. எட்டு ஒத்துப்போனது. அத்தோடு தொடங்கிவிட்டோம். மேனேஜர்கள் இரண்டு பேரையும் அழைத்து அதே பத்தைக் கொடுத்தோம். அவர்கள் அந்தக் கிளைகளுக்கு எங்களைவிடக் கடுமையாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் மற்ற மேனேஜர்களிடம் இந்த ஸ்கேலைப் பற்றிப் பேசியது, நாங்கள் போட்ட மூன்று கூட்டங்களைவிட அதிகம் உதவியது.

சண்டைக்கு இன்னொரு காரணமும் உங்கள் கம்பெனியில் இருக்கலாம். ஏ, பி, சி, டி மேனேஜரின் ஊக்கத்தொகையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் இருந்தது. ஏ வாங்கினால் முழுத் தொகை, டி என்றால் ஒன்றுமில்லை. ஒரு மார்க்குக்குச் சண்டை வருவது அதனால்தான், 90க்கும் 92க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணம் இருந்தது. தணிக்கையாளருக்கும் மனசு கேட்காது, ஒரு மார்க்கை விட்டுக்கொடுத்துவிடுவார். மோசமான விளைவு என்னவென்றால், மேனேஜர்கள் எங்களிடம் எதையும் தானாகச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கேட்டு மாற்றிய ஏற்பாடு இது: ஊக்கத்தொகையில் தரநிலைக்கு இடமில்லை. ஒப்புக்கொண்ட திருத்தங்களைக் கெடுவுக்குள் முடித்து, அதை நாங்கள் சரிபார்த்து மூடியதற்கு இடம் உண்டு. கெடுவை மேனேஜரே சொல்வார், நியாயமாக இருக்கிறதா என்று வட்டார மேலாளர் பார்ப்பார். இதை உங்கள் நிர்வாகம் உடனே ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் குறைந்தபட்சம் பழைய மார்க்குக்கு இருந்த தொகைப் பட்டியலைப் புது நான்கு நிலைக்கு அப்படியே ஒட்ட விடாதீர்கள்.

முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிளைக்கு நாங்கள் திருத்தி எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"மொத்த நிலை: மேம்பாடு தேவை. பெட்டகத்தின் இரண்டு சாவிகளும் 11 நாள் ஒருவரிடமே இருந்தன. நகைப் பொட்டலங்கள் 1,140உம் எண்ணப்பட்டன, குறைவு இல்லை. கேமராப் பதிவு 7 நாளுக்கே இருந்ததால் முழுக் காலத்தையும் சரிபார்க்க முடியவில்லை. மாற்றுச் சாவிப் பொறுப்பாளர் நியமிக்கப்படாததே காரணம், பொறுப்பு தலைமை அலுவலகப் பணியாளர் பிரிவும் செயல்பாட்டுப் பிரிவும். கல் நகைகள் 140இல் இரண்டுக்கு எடை தவறு, திருத்தப்பட்டது. ரொக்கம், கடனாளி அடையாளம், ஏல நடைமுறை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க குறை இல்லை. கிளைக் கட்டடப் பாதுகாப்பும் கணினி அனுமதிகளும் இந்தத் தணிக்கையில் பார்க்கப்படவில்லை. மறு பார்வை 90 நாளுக்குள்."

மார்க் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 50 கேள்விப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எதையும் பார்க்க மறக்காமல் இருக்க அது நல்ல கருவி, தணிக்கையாளரின் வேலைக் கோப்பில் இருக்கட்டும். அறிக்கையில் அச்சாகக் கூடாது, அச்சானால் மறுநாளே யாராவது கூட்டிப் பார்ப்பார்கள்.

மாற்றத்தை ஏப்ரல் 1இல் தொடங்குங்கள். அதற்கு முந்தைய காலாண்டில் வரும் அறிக்கைகளுக்கு இரண்டு முறையிலும் தரநிலை போட்டு, புதியதை உங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக் குழுவில் முதல் வருடம் ஒப்பீட்டு அட்டவணை கேட்டு நெருக்குவார்கள். பழைய ஏவையும் புதிய திருப்தியையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். நேரம் இருந்தால் போன வருடத்து 38 அறிக்கைகளின் கண்டறிதல்களையும் புது விதியில் போட்டுப் பார்த்து, அந்த எண்ணிக்கையைக் கொடுங்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் நான்கு நாள் வேலை.